நீரேற்றுப் பாசனச் சங்கத்துக்கு மோட்டார் பம்ப்செட் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். அதன் பிறகு ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் காவிரிக் கரையோரச் சங்கங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைப் படித்துக் கொடுத்து வருகிறேன். போகிற இடமெல்லாம் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால், அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு சங்கம் 40 குதிரைத்திறன் பம்ப்செட் மூன்று வாங்குகிறது. நான்கு பேர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். அவர்களை அ, ஆ, இ, ஈ என்று அழைப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

"நாலு கவர் வந்திருக்குதுங்க. விலை எதுல கம்மியோ அதையே எடுத்துக்கலாமுங்களா?"

கூடாது. விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அவர்களுள் கேட்ட பொருளை, கேட்ட உத்தரவாதத்தோடு, ஏற்கத்தக்க காலத்துக்குள் தர ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி மிஞ்சியவர்களின் விலைகளை மட்டுமே ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்த வேண்டும். இரண்டு உறை முறை வைத்திருப்பதே இந்த வரிசை தவறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். முதல் உறையில் தகுதிச் சான்றுகள், தொழில்நுட்ப விவரம், விநியோகக் காலம், உத்தரவாதம் ஆகியவை இருக்கும். இரண்டாவது உறையில் விலை மட்டும் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் சங்கத்தின் ஆவணம் கேட்பவை இவை: கடந்த மூன்று ஆண்டுகளில் இதே திறனுள்ள பம்ப்செட்டை வேறு எங்காவது பொருத்தி முடித்ததற்கான சான்று, முகவராக இருந்தால் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம், ஆணை கிடைத்த 45 நாளில் பம்ப் ஹவுஸில் பொருளை இறக்குதல், பொருத்தி ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து 24 மாத உத்தரவாதம்.

"தகுதி இல்லீன்னு 'ஈ'யோட விலைக் கவரைப் பிரிக்காமயே வெச்சுட்டாங்க. அவருதான் ரொம்பக் கம்மியாப் போட்டிருந்தா சங்கத்துக்கு நட்டந்தானுங்களே?"

'ஈ' ஒரு முகவர். உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதத்தை அவர் வைக்கவில்லை. அந்தக் கடிதம் இல்லாமல் வாங்கிய பம்ப்செட் எட்டாவது மாதத்தில் சுருள் எரிந்து நின்றால், உற்பத்தியாளர் "இவர் எங்கள் முகவர் அல்ல" என்று சொல்லிவிட முடியும். அப்போது சங்கத்தின் கையில் இருப்பது ஒரு கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. நிபந்தனை வைக்கப்பட்டதே அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான்.

உறையைப் பிரித்து விலையைத் தெரிந்துகொண்ட பிறகு தகுதியைப் பற்றி முடிவெடுத்தால், அந்த முடிவை யாரும் நேர்மையானது என்று நம்பமாட்டார்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: அந்தக் கடிதம் கிடைக்காது என்று தெரிந்து விலைப்புள்ளியே கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டவர்கள் இருப்பார்கள். 'ஈ'க்கு மட்டும் தளர்த்தினால் அவர்களுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். ஆகவே விலை உறையைப் பிரிக்காமலேயே, காரணம் எழுதிய கடிதத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிபந்தனையே தேவையில்லாதது என்று சங்கத்துக்குத் தோன்றினால், இந்த ஒப்பந்தப்புள்ளியை ரத்து செய்துவிட்டு, அதை நீக்கி மறுபடியும் அறிவிப்பதுதான் வழி.

"அவங்க வெச்ச சான்றெல்லாம் நெசந்தானான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

மூன்றைச் சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். பட்டயக் கணக்கர் தந்த விற்றுமுதல் சான்றில் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்க வேண்டும், அதை udin.icai.org தளத்தில் இட்டுப் பார்த்தால் அந்தச் சான்று உண்மையில் வழங்கப்பட்டதுதானா என்று தெரியும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவருடையது 33 என்று தொடங்கும். அதை அடுத்த பத்து இலக்கங்கள் அவருடைய பான் எண். gst.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, அவர் எந்த வகை வரி செலுத்துவோர் என்பவை தெரியும். அந்த வகை ஏன் முக்கியம் என்பதை ஜிஎஸ்டி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவது அனுபவச் சான்று. பலர் கொள்முதல் ஆணையின் நகலை வைத்துவிட்டு அதையே அனுபவம் என்கிறார்கள். ஆணை கிடைத்தது என்பதற்குத்தான் அது ஆதாரம். வேலையை முடித்ததற்கு ஆதாரம் ஆகாது. வாங்கியவர் தந்த நிறைவுச் சான்று வேண்டும். அதில் பம்ப்செட்டின் திறனும் ஓட்டிக் காட்டிய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைக் கொடுத்த இடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, "இப்போதும் ஓடுகிறதா, பழுதானபோது எத்தனை நாளில் ஆள் வந்தார்" என்று கேட்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

"ஒருத்தர் ரெண்டு லட்சத்து அஞ்சாயிரம், இன்னொருத்தர் ரெண்டு லட்சத்து அறுவத்தஞ்சாயிரம். அறுவதாயிரம் வித்தியாசம். இதுல ஒப்பிட என்னங்க இருக்குது?"

அந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு பொருள்களின் விலை. 'அ' சொல்லும் ₹2,05,000 என்பது கோயம்புத்தூரில் அவருடைய தொழிற்சாலை வாசலில் ஒரு செட்டின் விலை. விலைப் படிவத்தில் அதை மட்டும் எழுதிவிட்டு, உறைக்குள் இருந்த கடிதத்தின் இரண்டாம் பக்கக் கடைசிப் பத்தியில், சிப்பம் கட்டும் செலவு 2 சதவீதம், பொருத்தும் கூலி செட்டுக்கு ₹10,000, லாரி வாடகை மொத்தமாக ₹15,000, ஜிஎஸ்டி தனி என்று எழுதியிருக்கிறார். 'ஆ'வின் விலை ₹2,18,000. அதில் லாரி வாடகை அடக்கம். பொருத்தும் கூலி செட்டுக்கு ₹12,000, ஜிஎஸ்டி தனி. 'இ'யின் ₹2,65,000 என்பது வரி, வாடகை, கூலி எல்லாம் அடங்கியது. சங்கம் வாங்க நினைப்பது பம்ப் ஹவுஸில் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று செட்டுகளை; ஆகவே மூவரின் விலையையும் அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

| | அ | ஆ | இ |
|---|---|---|---|
| மூன்று செட் விலை | 6,15,000 | 6,54,000 | 7,95,000 |
| சிப்பம் கட்டும் செலவு | 12,300 | – | அடக்கம் |
| பொருத்தும் கூலி | 30,000 | 36,000 | அடக்கம் |
| லாரி வாடகை | 15,000 | அடக்கம் | அடக்கம் |
| ஜிஎஸ்டி | 1,21,014 | 1,24,200 | அடக்கம் |
| மொத்தம் | 7,93,314 | 8,14,200 | 7,95,000 |

செட்டுக்கு அறுபதாயிரம் என்று தெரிந்த வித்தியாசம், மூன்று செட்டுக்கும் சேர்த்து ₹1,686 ஆகச் சுருங்கிவிட்டது. இந்தப் பட்டியலைப் போடும்போது ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் எண்ணோ "அடக்கம்" என்ற சொல்லோ இருக்க வேண்டும். 'ஆ'வின் சிப்பம் கட்டும் செலவுக்கு நேரே கோடு போட்டிருப்பதைப் பாருங்கள். அவர் அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சேருமிடம் வரைக்கும் விலை கேட்டிருக்கும் ஆவணத்தில், தனியாகக் கேட்காத செலவு விலைக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கோடு செல்லும். இல்லையென்றால் பின்னால் அவர் தனியாகப் பட்டியல் அனுப்ப இடம் ஏற்பட்டுவிடும்.

"ஜிஎஸ்டியைச் சேத்துப் பாக்கோணுமா, சேக்காமப் பாக்கோணுமா?"

வாங்குபவர் கட்டும் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியுமா என்பதைப் பொறுத்தது அது. பாசனச் சங்கத்துக்கு அந்த வசதி இல்லை; கட்டிய வரி செலவுதான். ஆகவே வரியோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இதே பம்ப்செட்டை ஒரு நூற்பாலை வாங்கினால், வரியை வரவு எடுத்துக்கொள்ளும் என்பதால் வரி இல்லாத விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. வரிசையையே மாற்றக் கூடியது. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் எனப்படும் இணக்கத் திட்டத்தில் பதிவு செய்திருக்கும் சிறு வணிகர் ஒருவர் "வரி இல்லை, மொத்தம் ₹7,60,000" என்று கொடுத்திருந்தால், சங்கத்துக்கு அவர்தான் மலிவு. அந்தத் திட்டத்தில் இருப்பவர் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. அவரிடம் வாங்கியவர் வரவும் எடுக்க முடியாது. அதனால் ஆலைக்கு அவருடைய விலை முழுசாக ₹7,60,000 தான். 'இ'யின் விலையில் வரியைக் கழித்தால் ஆலைக்கு ஏறத்தாழ ₹6,73,729 ஆகிறது. ஒரே உறைகளில் இரண்டு வாங்குபவர்களுக்கு இரண்டு வேறு விடைகள் கிடைக்கின்றன. முன்னே சொன்ன தளத்தில் வரி செலுத்துவோரின் வகையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

"எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு போட்டிருந்தா எதை எடுத்துக்கறதுங்க?"

உங்கள் ஆவணம் என்ன சொல்கிறதோ அதுதான். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி இரண்டில் குறைவானதை எடுத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களின் ஆவணங்களிலோ எழுத்தில் இருப்பதே செல்லும் என்று பொதுவாக இருக்கும். தனியார் சங்கம் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் உறை பிரிக்கும் முன்பே அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

"பத்து நாள் தள்ளிப் போனா என்னங்க? விலை கம்மியா இருந்தாப் போதாதா?"

மேட்டூர் அணை வழக்கப்படி திறக்கப்படும் நாள் ஜூன் 12. ஆற்றில் தண்ணீர் வரும்போது பம்ப்செட் லாரியில் இருந்தால், மஞ்சளும் கரும்பும் காத்திருக்காது. ஆகவே தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்பதை ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் சங்கத்தின் ஆவணத்தில் இப்படி இருக்கிறது: 45 நாளுக்கு மேல் கேட்பவரின் விலையோடு, ஒவ்வொரு வாரத்துக்கும் அல்லது வாரத்தின் பகுதிக்கும் 0.5 சதவீதம் ஒப்பீட்டுக்காக மட்டும் கூட்டப்படும்; 59 நாளுக்கு மேல் கேட்பவர் ஏற்கப்படமாட்டார்.

'ஆ' 6 வாரம் என்கிறார், அதாவது 42 நாள். 'இ' 4 வாரம் என்கிறார். இருவருக்கும் கூட்ட வேண்டியது இல்லை. 'அ' 8 வாரம், அதாவது 56 நாள் கேட்கிறார். 11 நாள் அதிகம் என்பதால் இரண்டு வாரக் கணக்கில் 1 சதவீதம், ₹7,933 சேர்கிறது. அவருடைய ஒப்பீட்டு விலை ₹8,01,247 ஆகிறது. இப்போது ₹7,95,000 சொன்ன 'இ' முதலிடத்துக்கு வந்துவிடுகிறார்.

இந்தக் கூட்டல் வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே. ஒருவேளை 'அ' அப்போதும் முதலிடத்திலேயே இருந்திருந்தால், அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ₹7,93,314 தான். சொன்ன நாளுக்கும் பிந்திக் கொடுத்தால் பிடித்தம் செய்யும் தாமத இழப்பீடு வேறு; அது ஒப்பந்தம் போட்ட பிறகு வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒப்பீட்டுக்காகக் கூட்டியதை யாருடைய பட்டியல் தொகையிலும் கழித்துவிடக் கூடாது.

"எட்டு வாரம்னு போட்டிருக்கறாரு. எந்தத் தேதியில இருந்துங்க எட்டு வாரம்?"

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். ஆணை கிடைத்த நாளிலிருந்து என்று ஒருவர் எழுதுவார்; முன்பணமும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் கைக்கு வந்த நாளிலிருந்து என்று இன்னொருவர் எழுதுவார். வரைபடத்தை அவர் அனுப்பி, நாம் பார்த்துக் கையெழுத்திட்டு, திருத்தம் இருந்தால் திரும்பப் போய் வருவதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரம் அவருடைய எட்டு வாரத்துக்குள் வராது. அதேபோல, தொழிற்சாலையிலிருந்து அனுப்பும் நாள் வரைக்குமா, பம்ப் ஹவுஸில் இறக்கும் நாள் வரைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கமும் முடிவும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் மேலே செய்த வாரக் கணக்கு செல்லும்.

"எல்லாருமே ஒரு வருசம், ரெண்டு வருசம்னுதானே போட்டிருக்கறாங்க. உத்தரவாதத்துல என்னத்தைங்க ஒப்பிடறது?"

மாதங்களின் எண்ணிக்கையைவிட, அவை எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றன என்பதுதான் முக்கியம். பம்ப்செட் தயாரிப்பாளர்களின் அச்சிட்ட தாளில் வழக்கமாகக் காணப்படும் வரி இது: "பொருத்தி ஓட்டிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இவற்றுள் எது முந்தியதோ அது." படிக்கும்போது 18 மாதம் என்பது கூடுதல் சலுகையைப் போலத் தோன்றும், அது சலுகை அல்ல, உச்சவரம்பு. ஜனவரி 10 அன்று அனுப்பிய பம்ப்செட், மின் இணைப்பு வரத் தாமதமாகி அக்டோபர் 10 அன்றுதான் ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்றே முடிந்துவிடும். ஓடியது ஒன்பதே மாதம்தான். அதிலும் ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களைக் கழித்துவிட்டால் இன்னும் குறையும். ஆலையில் நான் இருந்தபோது இதே வரியால் ஒரு மோட்டாரைச் சொந்தச் செலவில் சுருள் கட்ட நேர்ந்தது. அன்று முதல் உறையைப் பிரித்தவுடன் நான் முதலில் தேடுவது அச்சிட்ட தாளைத்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பழுதான பம்ப்செட்டை யார் எங்கே கொண்டுபோவது என்பது. 40 குதிரைத்திறன் செட்டைக் கழற்றி, செயின் பிளாக்கில் தூக்கி, வண்டி வைத்துக் கோயம்புத்தூர் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவது எளிய வேலை அல்ல. "தொழிற்சாலையில் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்" என்றால் அந்தச் செலவு முழுவதும் சங்கத்தின் தலையில் விழும். "இருக்கும் இடத்திலேயே, தகவல் கொடுத்த 72 மணி நேரத்துக்குள்" என்று எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றாகாது. சுருள் எரிவதற்குக் காரணம் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு என்றால் உத்தரவாதம் செல்லாது என்ற விலக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் மோட்டார் எரிவது பெரும்பாலும் அதனால்தான் என்பதால், அந்த விலக்கு இருந்தால் உத்தரவாதத்தின் பாதிப் பயன் போய்விடும்.

"ஒப்புதல் படிவத்துல 'எல்லா நிபந்தனையும் சம்மதம்'னு 'அ' கையெழுத்துப் போட்டிருக்கறாரு. ஆனா கூட வெச்ச அச்சுத் தாள்ல 12 மாசம்தான்னு இருக்குது. எதை எடுத்துக்கறதுங்க?"

விலை உறையைப் பிரிக்கும் முன்பே எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும். நல்ல ஆவணமாக இருந்தால், மாறுபாடுகளுக்கென உள்ள படிவத்தில் குறிக்காத எந்த மாறுபாடும் கணக்கில் கொள்ளப்படாது என்று அதிலேயே இருக்கும். அப்போது அச்சுத் தாள் செல்லாது, இருந்தாலும் அதை உறுதிசெய்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. அப்படி ஒரு வரி இல்லையென்றால், "உங்கள் ஒப்புதல் படிவமும் அச்சுத் தாளும் முரண்படுகின்றன, படிவத்தில் உள்ளதே உங்கள் விலைப்புள்ளி என்று உறுதிசெய்கிறீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவர் ஆம் என்றால் தொடரலாம். "24 மாதம் தருகிறேன், ஆனால் விலை கொஞ்சம் கூடும்" என்றால் அது விளக்கம் அல்ல, புதிய விலைப்புள்ளி. அவரை நீக்க வேண்டியதுதான். உறைகளைப் பிரித்து, தான் எத்தனையாவது இடம் என்று அவருக்குத் தெரிந்த பிறகு இதைக் கேட்டால், உள்ளே இருப்பதா வெளியேறுவதா என்று முடிவு செய்யும் உரிமையை அவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

"'இ' 36 மாசம் உத்தரவாதம் தர்றேங்கறாரு. அதுக்குன்னு அவரு விலையில கொஞ்சம் கழிச்சுப் பாக்கலாமுங்களா?"

ஆவணத்தில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மட்டுமே கழிக்கலாம். கேட்டது 24 மாதம். அதற்கு மேல் தருவதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம், வரிசையை மாற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. அது மதிப்பெண் பெறும் என்று தெரிந்திருந்தால் 'ஆ'வும் 36 மாதம் கொடுத்திருக்கலாம் அல்லவா? கூடுதல் உத்தரவாதம் சங்கத்துக்கு உண்மையிலேயே பயன்படும் என்று நினைத்தால், தாமதத்துக்கு 0.5 சதவீதம் என்று வைத்ததைப் போல, கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் இவ்வளவு என்று அடுத்த முறை ஆவணத்திலேயே வைத்துவிடுங்கள்.

"முதல்ல வந்த 'இ'யைக் கூப்பிட்டு விலையைக் கொறைக்கச் சொல்லலாமா? கூடவே 'அ'வையும் கூப்பிட்டா இன்னும் கொறையுமில்லீங்களா?"

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்புகள், மதிப்பீட்டில் குறைந்த விலை தந்தவரிடம் மட்டுமே விலையைக் குறைக்கப் பேசலாம். அந்தச் சட்டத்துக்கு உட்படாத தனியார் சங்கமும் அப்படியே செய்வது நல்லது என்பது என் கருத்து. 'அ'வையும் கூப்பிட்டால் இந்த முறை நாலாயிரமோ ஐயாயிரமோ குறையலாம். ஆனால் உறையில் போடும் விலை கடைசி விலை அல்ல என்ற செய்தி கோயம்புத்தூர் முழுவதும் போய்விடும். அடுத்த முறை பேரம் பேசிக் குறைப்பதற்கென்றே எல்லாரும் கூட்டிப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

'இ'யிடம் பேசும்போதும் பேசுவது விலையை மட்டுமே. "பத்தாயிரம் குறைக்கிறேன், பொருத்தும் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோ, "உத்தரவாதத்தை 12 மாதமாக வைத்துக்கொள்ளலாம்" என்றோ அவர் சொன்னால் ஏற்கக் கூடாது. அந்த நிபந்தனைகளோடு கேட்டிருந்தால் மற்ற இருவரும் வேறு விலை கொடுத்திருப்பார்கள். பேசி முடித்த பிறகு, 28 நாள், பம்ப் ஹவுஸில் இறக்குதல், ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து உத்தரவாதம் ஆகிய மூன்றும் மாறவில்லை என்று அவரிடம் எழுதி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியலோடு சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.